ஊசிக்கு இரண்டு முனை: வீட்டில் போட்ட ஊசிகளையும் மிஞ்சிய மருந்துகளையும் அப்புறப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

இன்சுலின் பேனாவில் திருகிப் பொருத்தும் ஊசிக்கு இரண்டு முனைகள் உண்டு. தோலுக்குள் இறங்கும் முனை, பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் நீளமுள்ளது, எல்லோர் கண்ணிலும் படும். மற்றொரு முனை ஊசியின் பிளாஸ்டிக் அடிப்பகுதிக்குள் ஒளிந்திருக்கும். பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குப்பியின் ரப்பர் அடைப்பைத் துளைத்து நிற்பது அதுதான். பேனாவிலிருந்து ஊசியைக் கழற்றிய நொடியில் இந்தப் பின்முனை வெளிப்பட்டுவிடுகிறது. என் அப்பாவுக்கு ஊசி போட்டு முடித்து, முன்முனைக்கு மூடியும் போட்டுவிட்ட நிம்மதியில், அந்த மூடியின் திறந்த வாயைக் கட்டைவிரலால் அடைத்தபடி குப்பைத் தொட்டியை நோக்கி நடந்த ஒருநாள், விரலில் சுருக்கென்று குத்தியது அந்தப் பின்முனையே. பதினைந்து ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்தவனுக்கே இது நேர்ந்தது என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று குத்துப்பட்டது என் விரல் என்பதால் யாருடைய ஊசி, எப்போது போட்டது என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அதே ஊசி ஒரு பாலித்தீன் பையில் விழுந்து, மறுநாள் அந்தப் பையை அமுக்கிக் கட்டும் தூய்மைப் பணியாளரின் உள்ளங்கையில் குத்தியிருந்தால், அவருக்கு இவற்றில் எதுவும் தெரிந்திருக்காது. ஆகவே இந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு படிக்கும் பின்னால் ஒரே கேள்விதான் இருக்கிறது: இந்தப் பொருளை அடுத்ததாகத் தொடப்போகும் கை யாருடையது? ஊசிக்கும் மாத்திரைக்கும் விடைகள் வேறுபடுகின்றன என்பதால் ஊசியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: முதல் ஊசிக்கு முன்பே டப்பா

மருத்துவர் ஊசி எழுதிக்கொடுத்த அன்றே, ஊசியையும் மருந்தையும் வாங்கும்போதே, பயன்படுத்திய ஊசிகளைப் போடுவதற்கான டப்பாவும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பலரும் டப்பாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். முதல் வாரத்து ஊசிகள் மாத்திரை அட்டைகளுக்கு நடுவிலும் மேசை இழுப்பறையிலும் சேர்ந்துவிடுகின்றன. பிறகு அவற்றைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போடும் வேலைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

ஊசிக் கழிவுக்கென்றே தயாரிக்கப்பட்ட கெட்டியான பெட்டி மருந்தகத்தில் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால், துணி துவைக்கும் திரவம் வரும் தடித்த பிளாஸ்டிக் புட்டி அந்த வேலையைச் செய்யும். அதற்கு நான்கு தகுதிகள் இருக்க வேண்டும்: ஊசி குத்தினால் துளை விழக் கூடாது, கசியக் கூடாது, தட்டினால் உருளாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும், இறுக்கமாகத் திருகி மூடும் மூடி வேண்டும். புட்டியின் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் புட்டி போலச் சட்டென்று உள்வாங்கினால் அது ஆகாது. தண்ணீர், குளிர்பானம் வரும் மெல்லிய புட்டிகளை உள்ளேயிருந்து ஊசி துளைத்துவிடும். கண்ணாடி உடையும். தகர டப்பா கெட்டியானதுதான், ஆனால் அதன் மூடி ஒரு தட்டில் கழன்றுகொள்ளும். வாய் எவ்வளவு அகலம் என்பதும் முக்கியம்: ஊசி தன் எடையிலேயே உள்ளே விழ வேண்டும், விரலால் தள்ள வேண்டியிருக்கக் கூடாது.

புட்டியைக் கழுவி உலரவைத்த பின் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முதலாவதாக, அடியிலிருந்து முக்கால் உயரத்தில் அழியாத மையால் ஒரு கோடு போடுங்கள். இது நிரம்பியபின் பார்த்துப் போடும் கோடு அன்று, காலியாக இருக்கும்போதே போடும் கோடு. இரண்டாவதாக, ‘பயன்படுத்திய ஊசிகள், திறக்காதீர்கள், மறுசுழற்சிக்கு அன்று’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். புட்டியில் இருக்கும் பழைய பெயர்த்தாளைக் கிழித்துவிடுவது நல்லது. அப்படியே விட்டால், உள்ளே சோப்புத் திரவம் இருக்கிறது என்று எண்ணி யாராவது திறக்கக்கூடும்.

டப்பாவை ஊசி போடும் இடத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஊசி போடும் நாற்காலிக்கும் குப்பைத் தொட்டிக்கும் இடையே நடந்த அந்தச் சில அடிகளில்தான் என் விரலில் குத்தியது.

இரண்டாம் படி: ஊசி தோலைவிட்டு வெளிவந்த பின்

சாதாரண இன்சுலின் சிரிஞ்சாக இருந்தால் வேலை எளிது. அதில் ஊசி நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மூடியைத் திரும்பப் போட வேண்டாம், ஊசியை வளைக்கவோ உடைக்கவோ வேண்டாம், முனை கீழ்நோக்கி இருக்க முழுச் சிரிஞ்சையும் நேராக டப்பாவுக்குள் விட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை போடும் ஒருதடவைப் பேனாக்கள், இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து நிரப்பிய சிரிஞ்சுகள், ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசிகள் ஆகியவற்றில் ஊசியைத் தனியே கழற்ற இயலாதவற்றுக்கும் இதே முறைதான். சிரிஞ்சு பெரிய இடத்தை அடைக்கிறதே என்று ஊசியை மட்டும் கத்தரியால் வெட்டிப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டுப்பட்ட முனை எங்கே தெறித்தது என்பது அவர்களுக்கே தெரியாது.

இன்சுலின் பேனாவில்தான் கவனம் கூடுதலாக வேண்டும், ஏனெனில் பேனா மறுபடியும் பயன்படும், ஊசி மட்டும் போக வேண்டும். பேனா ஊசிக்கு இரண்டு மூடிகள் வரும். உள்ளே இருக்கும் குச்சி போன்ற சிறிய மூடியை ஊசி போடுவதற்கு முன்பே தனியாக எறிந்துவிடுங்கள். பயன்படுத்திய ஊசியின்மேல் அதைத் திரும்பச் செருக முயல்வது விரலில் குத்திக்கொள்ள நிச்சயமான வழி. வெளியே இருக்கும் பெரிய மூடியை மேசைமேல், வாய் மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்திவையுங்கள். ஊசி போட்டபின், இன்னொரு கையால் மூடியைப் பிடிக்காமல், பேனாவை மட்டும் ஒரு கையில் பிடித்து, ஊசியை மேலிருந்து அந்த மூடிக்குள் இறக்கி மேசைமேல் வைத்தே அழுத்துங்கள். மூடி நன்றாகப் பற்றியபின்தான் இன்னொரு கைக்கு வேலை. மூடியின் பக்கவாட்டைப் பிடித்து இடப்புறமாகத் திருகிக் கழற்றி, வாய்ப்பக்கம் விரல் போகாமல், அப்படியே டப்பாவுக்குள் போடுங்கள். ஊசிக் கழிவுப் பெட்டிகள் சிலவற்றின் மூடியிலேயே ஒரு வெட்டு இருக்கும். பேனாவை அதில் செருகித் திருகினால் ஊசி தானாக உள்ளே விழும். அப்போது பெரிய மூடிக்கும் அவசியமில்லை.

தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்பவர் தவறிக் குத்திக்கொண்டால் அது அவருடைய இரத்தமே. ஒருவர் மற்றொருவருக்குப் போடும் வீடுகளில் நிலைமை வேறு. அங்கே இரு முனைகளையும் பயன்படுத்தியவுடன் தானாக மூடிக்கொள்ளும் பாதுகாப்புப் பேனா ஊசிகள் கிடைக்கின்றனவா என்று மருந்தகத்தில் கேளுங்கள். விலை கூடுதல்தான். ஆனாலும் அப்பாவுக்கு மிஞ்சிய நாட்களுக்கு நான் அவற்றையே வாங்கினேன்.

பயன்படுத்திய ஊசியைப் பேனாவிலேயே விட்டுவிட்டு அடுத்த வேளைக்கும் அதையே பயன்படுத்துவோர் நிறையப் பேர். ஊசி பொருந்தியே இருக்கும் பேனாவில் மருந்துக் குப்பி திறந்த குழாயாகிவிடுகிறது. குளிர்ந்தால் காற்றை உள்ளே இழுக்கும், சூடானால் மருந்தைக் கசியவிடும். காற்றுக் குமிழ் சேர்ந்தால் திருகும் அளவுக்கு மருந்து இறங்காது. ஊசி போட்டபின் முனையிலிருந்து நெடுநேரம் மருந்து சொட்டுவது அதன் அடையாளம்.

விரலில் குத்தி இரத்தச் சர்க்கரை பார்க்கும் லான்செட்டுகளும், கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை அளவியைப் பொருத்தும் கருவியின் ஊசியும் இதே டப்பாவுக்குத்தான். பஞ்சும் சோதனைப் பட்டையும் டப்பாவை வீணாக நிரப்பும். அவற்றைக் கட்டிய பையில் சாதாரணக் குப்பையில் போடலாம்.

மூன்றாம் படி: டப்பா வீட்டைவிட்டுப் போவது

நாளுக்கு நான்கு ஊசி, இரண்டு விரல் சோதனை என்றால் முப்பது நாளில் 120 ஊசிகளும் 60 லான்செட்டுகளும் சேரும். பெரிய மூடியோடு போடும் பேனா ஊசிகள் இடத்தை மிக விரைவில் அடைத்துக்கொள்ளும். முக்கால் கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். டப்பாவைக் குலுக்கி இடம் உண்டாக்குவதும், இன்னும் நாலு போடலாம் என்று அமுக்குவதும், ஒரு டப்பாவிலிருந்து பெரிய டப்பாவுக்கு மாற்றுவதும் விபத்துக்கான வழிகள். மூடியை இறுகத் திருகி, மூடிக்கும் உடலுக்குமாகத் தடித்த ஒட்டுநாடாவை இரண்டு மூன்று சுற்று சுற்றி, மூடிய தேதியை எழுதிவையுங்கள். அடுத்த டப்பாவை இதற்கு முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

இனி அது போகும் இடம். மருத்துவமனை, இரத்தப் பரிசோதனை நிலையம், மருந்தகம், உள்ளாட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையம் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று வீட்டு ஊசிகளை ஏற்கிறதா என்று முதல் டப்பா நிரம்புவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். ‘ஊசிக் கழிவை வாங்கிக்கொள்வீர்களா’ என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்ற பதில் சட்டென வரும். ‘வீட்டில் இன்சுலின் போட்ட ஊசிகள், மூடிச் சீலிட்ட டப்பாவில் இருக்கின்றன, உங்கள் மருத்துவக் கழிவோடு சேர்க்க முடியுமா’ என்று கேட்டால் பதில் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கழிவை எடுத்துச்செல்ல எப்படியும் வண்டி வருகிறது.

எவரும் ஏற்காத இடத்தில், உள்ளூர் விதி அனுமதித்தால், சீலிட்ட டப்பாவைக் குப்பையோடு தரலாம். ஆனால் ‘போடுவது’ வேறு, ‘தருவது’ வேறு. பைக்குள் மறைத்துத் தொட்டியில் போடாதீர்கள். எடுக்க வருபவரின் கையில் நேராகக் கொடுத்து, உள்ளே ஊசி இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் அக்காவிடம் முதல் டப்பாவைத் தயங்கித் தயங்கி நீட்டியபோது, அவர் தன் கையுறையைக் கழற்றி நடுவிரல் நுனியில் இருந்த ஓட்டையைக் காட்டி, “சொல்லிக் குடுத்தா ஒண்ணுமில்ல தம்பி, ஒளிச்சு வெச்சுக் குடுக்குறவங்களாலதான் இது” என்றார். அந்தக் கையுறை துணியால் ஆனது.

எக்காரணம் கொண்டும் இந்த டப்பா பழைய பிளாஸ்டிக்கோடு மறுசுழற்சிக்குப் போகக் கூடாது. அங்கே பொருள்களைக் கையால் பிரிக்கிறார்கள், புட்டிகளை நசுக்குகிறார்கள். வீட்டுக் கொல்லையில் எரிப்பதும் வேண்டாம். பிளாஸ்டிக் உருகி ஓடியபின் சாம்பலில் ஊசி முழுதாக நிற்கும்.

நான்காம் படி: எது காலாவதி, எது மிச்சம்

மாத்திரை அட்டையில் 06/2026 என்று மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், 2026 ஜூன் மாதத்தின் கடைசி நாள் வரை அது செல்லும் என்று பொருள். இது திறக்காத, சரியாக வைத்திருந்த மருந்துக்கான தேதி. திறந்தபின் வேறொரு கணக்கு தொடங்குகிறது, வீடுகளில் தவறுவது இங்கேதான். பெரும்பாலான கண் சொட்டு மருந்துகளைத் திறந்து நான்கு வாரத்தில் விலக்கிவிட வேண்டும். தண்ணீர் கலந்து தரும் ஆன்டிபயாடிக் சிரப்புகள், வகையைப் பொறுத்து, கலந்த நாளிலிருந்து 7 முதல் 14 நாள் வரையே தாங்கும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனாக்களில் பல 28 நாள்தான். சில வகைகளுக்கு இது 42 அல்லது 56 நாள் வரை நீளும் என்பதால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். திறந்த அன்று புட்டியின்மேல் தேதியை எழுதும் பழக்கம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் பயன்படாது.

தேதி மிச்சமிருக்கும் மருந்தை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. யாருக்காவது உதவட்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நோயாளியிடம் கொடுக்கப்பட்டு, திரும்பி வந்த மருந்துகளை நன்கொடையாகக் கொடுக்கக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து நன்கொடை வழிகாட்டுதல். இன்சுலினை எடுத்துக்கொண்டால் காரணம் விளங்கும். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருந்திருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போய்ச் சூடேறியதோ, குளிர்பெட்டியின் பின்சுவரை ஒட்டி இருந்து உறைந்து மறுபடி உருகியதோ, பார்த்துச் சொல்ல இயலாது. வாங்குபவரின் சர்க்கரைதான் அதைச் சொல்லும்.

ஐந்தாம் படி: ஒரு அலமாரியைப் பிரித்துப் பார்ப்போம்

அப்பா போன இரண்டாவது வாரம் அவருடைய அலமாரியை ஒழித்தேன். மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தபோது இருந்தவை இவை: ஆறு அட்டை சர்க்கரை மாத்திரைகள், பாதி இருந்த ஆன்டிபயாடிக் சிரப், ஒரு கண் சொட்டு மருந்து, திறந்த இன்சுலின் பேனா ஒன்று, திறக்காதது ஒன்று, மூச்சுத்திணறலுக்கான இன்ஹேலர், மூட்டுவாதத்துக்காக வாரம் ஒருமுறை தின்ற மெத்தோட்ரெக்ஸேட் அட்டை, கடைசி மாத வலிக்குத் தந்த ஃபென்டனில் பேட்ச் மூன்று. மருந்துப் பெயர்களின் வரிசையில் பிரிக்காமல், தவறான கைக்குப் போனால் எவ்வளவு கெடுதல் என்ற வரிசையில் பிரியுங்கள்.

முதலில் ஃபென்டனில் பேட்ச். இது மார்பின் இனத்தைச் சேர்ந்த மிக வலிமையான வலிநிவாரணி, தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டையாக வருவது. மூன்று நாள் ஒட்டியிருந்து உரித்த பட்டையிலும் கணிசமான மருந்து மிஞ்சியிருக்கும். குப்பையிலிருந்தோ தரையிலிருந்தோ எடுத்து ஒட்டிக்கொண்ட, வாயில் போட்டுக்கொண்ட குழந்தைகள் மூச்சு நின்று இறந்திருக்கிறார்கள். எனவே புதியது, பழையது என்ற வேறுபாடின்றி ஒட்டும் பக்கம் உள்ளே போகுமாறு இரண்டாக மடித்து ஒட்டிவிட வேண்டும். உடனே திருப்பிக் கொடுக்க இடமிருந்தால் அங்கே கொடுங்கள். இல்லாவிட்டால் இத்தகைய ஒருசில மருந்துகளை மட்டும் கழிவறையில் இட்டுத் தண்ணீர் விடலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., இந்தியாவின் சி.டி.எஸ்.சி.ஓ. ஆகிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பட்டியலிட்டிருக்கின்றன. ஃபென்டனில், மார்பின், மெத்தடோன் போன்றவை அப்பட்டியல்களில் உள்ளன. தண்ணீரில் கலக்கும் கெடுதலைவிட, வீட்டில் ஒரு நாள் கூடக் கிடக்கும் கெடுதல் பெரிது என்ற கணக்கு அது. கழிவறையில் எதையுமே விடக் கூடாது என்று விதி வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. அங்கே மருந்தகத்தில் திருப்பித் தருவதே முறை.

இந்த விதிவிலக்கைப் பார்த்து மற்ற மருந்துகளையும் கழிவறையில் கொட்டிவிடாதீர்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்து மூலக்கூறுகளைப் பிடிப்பதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. கனடாவின் ஒண்டாரியோவில் ஆய்வுக்கென ஒதுக்கிய ஓர் ஏரியில், கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை, 2001 முதல் 2003 வரை, லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் இருக்குமாறு சேர்த்துப் பார்த்தார்கள். ஆண் மீன்களில் பெண் தன்மை தோன்றி, அந்த ஏரியின் ஒரு சிறு மீனினம் ஏறத்தாழ அற்றுப்போனது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

அடுத்து மெத்தோட்ரெக்ஸேட். இது பெருகும் செல்களைத் தடுக்கும் மருந்து. புற்றுநோய்க்கும் தருகிறார்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்காதீர்கள், உடைக்காதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே வேண்டாம். அட்டையோடு தனிப் பையில் இட்டு, இன்னதென்று எழுதி, திரும்பப் பெறும் இடத்தில் தனியே ஒப்படைக்க வேண்டும். புற்றுநோய் மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் இதுவே வழி. இவற்றை எழுதிக்கொடுத்த மருத்துவமனையின் மருந்தகமே பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும்.

இன்ஹேலரில் அழுத்தமூட்டிய வாயு இருக்கிறது. தீயில் போட்டாலோ துளையிட்டாலோ வெடிக்கும். அதையும் அப்படியே திருப்பித் தர வேண்டும்.

இன்சுலின் பேனாக்களில் ஊசி இல்லை என்பதை ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டால் அவை மற்ற மருந்துகளோடு சேரும். மிஞ்சிய இன்சுலினைப் பீய்ச்சி வெளியேற்ற வேண்டிய அவசியமில்லை. உள்ளே கண்ணாடிக் குப்பி இருப்பதால் உடைக்கவும் வேண்டாம். சர்க்கரை மாத்திரை, சிரப், கண் சொட்டு மருந்து ஆகியவை கடைசிக் குவியல்.

மருந்தகத்தில் திரும்பப் பெறும் பெட்டி இருந்தால் வேலை அத்தோடு முடிந்தது. மாத்திரைகளை அட்டையிலேயே விட்டு, வெளி அட்டைப்பெட்டியை மட்டும் நீக்கி, சிரப்பின் மூடியை இறுக்கி, நோயாளியின் பெயர் இருக்கும் தாளை மையால் அழித்துக் கொடுத்தால் போதும். ஊசி டப்பாவை அந்த மருந்துப் பெட்டிக்குள் போடக் கூடாது. பல இடங்களில் மருந்துகளை மட்டுமே ஏற்பார்கள், பிரிப்பவர் ஊசியை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஆறாம் படி: திருப்பிக் கொடுக்க இடமே இல்லாதபோது

கடைசிக் குவியலை மட்டும் வீட்டுக் குப்பையோடு அனுப்பலாம், ஆனால் மருந்தாக அடையாளம் தெரியாதபடி. முழு அட்டையை அப்படியே எறிந்தால், எடுத்துத் துடைத்துத் தின்னவோ விற்கவோ ஒருவர் வருவார். தேதி போன ஆன்டிபயாடிக்கை அரைகுறையாகத் தின்பவருக்கு நோயும் குணமாகாது, அவருடைய உடலில் இருக்கும் கிருமியும் மருந்துக்குப் பழகிவிடும்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு கெட்டியான பையில் போடுங்கள். பொடியாக்கக் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக வெளிப்படும், தூள் மூக்கிலும் ஏறும். ஈரமண், தேநீர் வடிகட்டிய தூள், மரத்தூள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை மாத்திரைகள் மறையும் அளவுக்கு, குறைந்தது அதே அளவு கொட்டி, கையுறையோடு பிசையுங்கள். ஐந்து நிமிடத்தில் மாத்திரையின் நிறம் கலங்கி, எது எதுவென்று தெரியாமல் போனால் கலவை சரியாக இருக்கிறது. மாத்திரைகள் இன்னும் பளபளப்பாகத் தனித்துத் தெரிந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மேலும் பிசையுங்கள். சிரப்பையும் சொட்டு மருந்தையும் இதே கலவையில் ஊற்றினால் தனியே தண்ணீர் தேவைப்படாது. பையிலுள்ள காற்றை வெளியேற்றி மூடி, இன்னொரு பைக்குள் வைத்துக் கட்டி, குப்பை எடுக்க வருகிற நாளின் காலையில் வெளியே வையுங்கள். முந்தைய இரவே வைத்தால் நாயும் பூனையும் கிழித்துவிடும்.

காலி அட்டையில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் சாதாரணக் குப்பைக்குத்தான் போகும். அட்டையை எரித்தால் அதிலுள்ள பிவிசி பிளாஸ்டிக் நச்சுப் புகையாகும். மருந்துகளை எரிக்கும் ஆலைகள் மிக உயர்ந்த வெப்பத்தில், இரண்டு அறைகளில் எரிப்பதற்குக் காரணம் அதுவே. கொல்லையில் மூட்டும் தீ அந்த வெப்பத்தை ஒருபோதும் எட்டாது.

யாருக்காவது குத்திவிட்டால்

குத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு உடனே கழுவுங்கள். இரத்தத்தைப் பிழிந்தெடுக்கவும், வாயால் உறிஞ்சவும், பிளீச்சிங் திரவம் ஊற்றவும் வேண்டாம். ஊசி இன்னும் கையிலோ தரையிலோ இருந்தால் இடுக்கியால் எடுத்து டப்பாவில் போடுங்கள். யாருடைய ஊசி என்று தெரிந்தால் அதைக் குறித்துக்கொண்டு, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

அன்றே என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாள் வரையிலும் தொற்றும் திறனோடு இருக்கக்கூடும். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, அந்த நோயுள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 30 வரை இருக்கும். எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி என்றால் அது சுமார் 300-க்கு ஒன்று. முன்னதற்குக் குத்தியபின்னும் தடுப்பூசி பயன்படும், 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. பின்னதற்கான தடுப்பு மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அதற்குப் பிறகு அவை தரப்படுவதில்லை. என் கட்டைவிரலில் குத்திய அன்று மாலையே மருத்துவரிடம் போனேன். எனக்குத் தடுப்பூசி முன்பே போட்டிருந்தது, அப்பாவின் இரத்தப் பரிசோதனை முடிவுகளும் கையில் இருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்வி, “அந்த ஊசி இப்போ எங்கே?” என்பதுதான். அது அப்போதும் எங்கள் வீட்டு வராண்டாவில், குத்திய நொடியில் கை உதறியபோது விழுந்த இடத்தில், ஒரு செருப்புக்கு அடியில் கிடந்தது.